முகம்மது: ஒரு பெயர், எட்டு ஸ்பெல்லிங்

குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் பெயர் ஆங்கிலத்தில் Muhammad. எகிப்துக் கால்பந்து வீரர் சாலாவுக்கு அதுவே Mohamed. நம் கிரிக்கெட் வீரர்களில் ஷமிக்கு Mohammed, கைஃபுக்கு Mohammad. அரபியில் இந்த நால்வருக்கும் ஒரே பெயர்தான். மீம், ஹா, மீம், தால் என்று நான்கே எழுத்துகள்.

அந்த நான்கும் மெய்யெழுத்துகள். குறில் உயிர்களையும், நடுவிலுள்ள 'ம்' இரட்டிப்பதைக் காட்டும் குறியையும் அரபியில் வழக்கமாக எழுதுவதில்லை. மொழி தெரிந்தவர் படிக்கும்போதே அவற்றைச் சேர்த்துக்கொள்வார். ஆங்கிலத்தில் எழுதும்போது அவற்றை யாராவது முடிவு செய்தாக வேண்டும். முதல் உயிர் அரபியில் 'உ'. பாரசீகத்திலும் உருதுப் பேச்சிலும் அது 'ஒ'வை நெருங்குவதால் u, o இரண்டும் வந்தன. நடுவில் m ஒன்றா இரண்டா என்பது அடுத்தது. கடைசி உயிர் a அல்லது e. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியா, துனிசியா போன்ற நாடுகளில் Mohamed என்ற வடிவமே பரவியது. மூன்று இடங்களிலும் இரண்டிரண்டு வழிகள் என்றால் மொத்தம் எட்டு ஸ்பெல்லிங். எட்டும் புழக்கத்தில் உள்ளன. Mohd, Md என்ற சுருக்கங்கள் தனி. தமிழிலேயே நாம் முகமது, முகம்மது, முஹம்மது என்று எழுதுகிறோம். விண்ணப்பத்தை நிரப்புபவர் காதில் எது விழுகிறதோ அதுவே ஆங்கிலத்திலும் ஏறிவிடுகிறது.

மனிதர்கள் இவற்றை ஒரே பெயராகப் படிப்பார்கள். கணினியோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். இங்கிலாந்து, வேல்ஸில் 2023-இல் பிறந்த ஆண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் Muhammad முதலிடம் பிடித்தது. Mohammed அதே பட்டியலில் வேறொரு பெயராகக் கீழே தனி இடத்தில் இருந்தது.

ஒருவரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் Mohamed, ஆதாரில் Mohammed, பான் அட்டையில் Mohd என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரபி உச்சரிப்புக்கு மிக நெருக்கமானது Muhammad என்பதால் அதற்கு மாறலாமே என்று தோன்றும். வேண்டாம். மாற்றக் கடினமான ஆவணத்தில் உள்ள ஸ்பெல்லிங்கே அவருக்குச் சரியானது. இங்கே அது Mohamed. பாஸ்போர்ட்டைச் சான்றாகக் காட்டி முதலில் ஆதாரைத் திருத்தலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் விண்ணப்பத்தில் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்க்க வேண்டும். ஆதாருக்குப் பிறகு பான், பிறகு வங்கிக் கணக்கு.

புதிதாகப் பிறந்த குழந்தைக்கு எட்டில் எதையும் எடுக்கலாம். சுருக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். Mohd என்பதை ஒரு அலுவலகம் அப்படியே பதியும், இன்னொன்று விரித்து எழுதும். குழந்தைக்கு Muhammad என்று வைத்தாலும், தந்தை பெயருக்கான கட்டத்தில் தந்தையின் பாஸ்போர்ட்டில் உள்ள Mohamed தான் வர வேண்டும். பிறப்புப் பதிவில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அந்த அவகாசத்திலேயே ஸ்பெல்லிங்கை முடிவு செய்து, பெரிய எழுத்துகளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லிப் பதியாதீர்கள்.