வாங்குவதா, லீஸா? பணவரத்துத் தாளைக் கேளுங்கள்

திருப்பூரில் துணி பின்னிக் கொடுக்கும் புதிய யூனிட் ஒன்றின் கையிருப்பு 25 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிட்டிங் மிஷின் விலை 20 லட்சம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 23.6 லட்சம்.

ரொக்கமாக வாங்கினால் முதல் நாளே மிஞ்சுவது 1.4 லட்சம். கூலி, மின்சாரம், வாடகைக்கு மாதம் 2 லட்சம் வேண்டும். பின்னிக் கொடுத்த துணிக்குப் பணம் வர 90 நாள் ஆகும். ஆக, முதல் மாதமே கல்லாப்பெட்டி காலி. கட்டிய ஜிஎஸ்டியும் உடனே கைக்கு வராது. யூனிட் செலுத்த வேண்டிய வரியில்தான் மெல்லக் கழியும்.

மூன்றாண்டு லீஸில் மாதம் 65,000 ரூபாய், வரியோடு 76,700; முன்பணம் 1.95 லட்சம். மூன்று மாதச் செலவும் போக, கையில் ஏறத்தாழ 14.75 லட்சம் இருக்கும்.

ஆனால் லீஸ் மலிவு அல்ல. வரி நீங்கலாக 36 மாத வாடகை 23.4 லட்சம், மிஷினும் சொந்தமாகாது. வாங்கியவர் மூன்றாண்டு கழித்து அதை 8 லட்சத்துக்கு விற்றால் அவருக்கு நிகரச் செலவு 12 லட்சமே.

திட்ட அறிக்கைகளில் அடிக்கடி நேரும் பிழை, தேய்மானத்தைப் பணவரத்துத் தாளில் செலவாக எழுதுவது. தேய்மானம் லாப நட்டக் கணக்கைச் சேர்ந்தது. அதற்காக யாரும் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. இரண்டு வழிக்கும் மாதவாரியாகத் தனித்தனித் தாள் போட்டு, மாதக்கடைசி இருப்பு எங்கே பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த யூனிட்டின் வாங்கும் தாளில் அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.