வீடு நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது

எங்கள் தாத்தாவின் நிலப் பத்திரத்தில் ‘சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா’ என்றிருக்கிறது. அப்பாவின் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழில் தருமபுரி மாவட்டம். என்னுடையதிலோ கிருஷ்ணகிரி மாவட்டம். வீடு என்னவோ அதே புளியமரத்தடியில்தான் இருக்கிறது! இதை அறிந்திருந்தும் கருத்தரங்கக் கட்டுரை ஒன்றில் நான் சறுக்கிவிட்டேன்.

2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்ட மக்கள் தொகை 28,56,300. 2011இல் 15,06,843. பத்தாண்டில் ஏறக்குறையப் பாதி! வறட்சி தாங்காமல் மக்கள் பெங்களூருக்குப் பிழைக்கப் போய்விட்டனர் என்று காரணமும் எழுதி வைத்தேன். பேராசிரியர் படித்துவிட்டு, “இரண்டு தருமபுரியும் ஒன்றுதானா, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

ஒன்றல்ல. நூலகத்தில் எப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918இல் வெளியான சேலம் ஜில்லா கெசட்டியரைப் புரட்டினால், தருமபுரி அங்கே வெறும் தாலுகா. 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து அது மாவட்டமாயிற்று. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே ஒரே பெயரில் மூன்று நிலப்பரப்புகள். கெசட்டியர் தன் காலத்து எல்லையைத்தான் பேசும். அதன் பரப்பளவையோ மக்கள் தொகையையோ இன்றைய மாவட்டத்துக்குப் பொருத்துவது பிழை.

அடுத்து எண்களுக்கு வந்தேன். 2011 கணக்கெடுப்பில் ‘ஏ-2’ என்றோர் அட்டவணை உண்டு. 1901 முதலான மக்கள் தொகையைப் புதிய எல்லைக்கு ஏற்பத் திருத்தித் தருவது அது. அதன்படி இன்றைய தருமபுரிக்குரிய பகுதியில் 2001இல் இருந்தவர்கள் 12,95,182 பேர். கிருஷ்ணகிரிப் பகுதியில் 15,61,118 பேர். கூட்டிப் பார்த்தேன். அதே 28,56,300! ஒருவர்கூடக் குறையவில்லை. பிரிவினை பழைய மாவட்டத்துக்குள்ளேயே நடந்தது என்பதற்கு இந்தக் கூட்டல் நல்ல சாட்சி. தருமபுரி பாதியாகவில்லை, 16.34 விழுக்காடு வளர்ந்திருந்தது. என் வறட்சிக் காரணத்தை அடித்துவிட்டேன்.

கூட்டுத்தொகை பொருந்தினாலும் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் எல்லை வரைபடம். 2011 கணக்கெடுப்புக்கான எல்லைகள் 2009 டிசம்பர் 31 நிலவரப்படி நிறுத்தி வைக்கப்பட்டவை. ஆகவே கணக்கெடுப்புத் துறையின் அந்த ஆண்டு வரைபடத்தையே அட்டவணையோடு வைத்துப் பார்க்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் தாள் மலையையும் ஆற்றையும் துல்லியமாகக் காட்டும். ஆனால் அதிலுள்ள மாவட்டக் கோடு அளவை நடந்த ஆண்டுக்குரியது. ஆண்டு தாளிலேயே அச்சாகியிருக்கும். நான் முதலில் பார்த்த தாளில் கிருஷ்ணகிரி மாவட்டமே இல்லை!

தாலுகா அளவில் ஒப்பிடுவது இன்னும் சிக்கல். ஒரு தாலுகாவே இரண்டாக உடைந்திருந்தால், அதன் கிராமங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கூட்ட வேண்டும். எங்கள் ஊருக்கு மட்டும் அதைச் செய்து பார்த்தேன். ஒரு முழு மாலை ஆயிற்று.