தரையைப் பார்த்து மங்கலாக்குங்கள்

குடும்பப் படத்தில் வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய குழந்தையை எல்லோரும் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வெட்டிய ஓரம் சரியில்லை என்பதால்தான் என்று நினைத்து முடியிழை முடியிழையாகத் திருத்திக்கொண்டிருப்போம். பெரும்பாலும் குற்றம் ஓரத்தில் இருக்காது. அப்பா சற்றே மங்கலாக நிற்க, அவர் பக்கத்தில் நிற்கும் குழந்தை மட்டும் கத்திபோல் துல்லியமாகத் தெரியும். ஒரே தூரத்தில் நிற்கும் இருவரை ஒரே லென்ஸ் அப்படிக் காட்டாது. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவர்களுக்கு அது உறுத்தும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தன்று, ஆத்தங்குடிக் கல் பதித்த முன்கட்டில் எடுத்தது. தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில். அவர்களுக்கு அரை மீட்டர் பின்னால், சுண்ணாம்புத் தூணை ஒட்டி மகன். காய்ச்சலால் வர முடியாத நான்கு வயதுப் பேத்தியை அவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அவள் படம் போனில் எடுத்தது.

முதல் வேலை சரியான படத்தைத் தேர்ந்தெடுப்பது. சிலவற்றைப் பிறகு எந்த வித்தையாலும் சரிசெய்ய முடியாது. குழந்தைகளைப் பெரியவர்கள் நின்றபடி மேலிருந்து எடுப்பது வழக்கம். அப்போது உச்சந்தலை பெரிதாகவும் கால் சிறுத்தும் தெரியும். குடும்பப் படமோ நெஞ்சு உயரத்திலிருந்து, தள்ளி நின்று எடுத்தது. இரண்டும் ஒட்டாது. குனிந்து எடுத்த படம் வேண்டும். அடுத்து மூக்கின் நிழலைப் பாருங்கள். எல்லோருக்கும் நிழல் வலப்பக்கம் விழுகையில் குழந்தைக்கு இடப்பக்கம் விழுந்தால், படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் வகிடும் சட்டையில் உள்ள எழுத்தும் திரும்பிவிடும். போனின் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த படத்தைத் தொடாதீர்கள். அதில் மென்பொருள் ஏற்கெனவே முடியோரங்களைக் கரைத்திருக்கும். துல்லியமான படத்தை மங்கலாக்கலாம். மங்கிப்போனதைத் துல்லியமாக்குவது கடினம்.

வெட்டியதும் அளவு. மகனும் பேத்தியும் ஒரே தூரத்தில் நிற்கப்போவதால் கணக்கு எளிது. அவர் 170 செ.மீ., அவள் 100 செ.மீ. என்றால் படத்திலும் அதே விகிதம். இதை மங்கலாக்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மங்கலாக்கிய பிறகு உருவத்தைச் சிறிதாக்கினால் மங்கலும் சேர்ந்து சுருங்கிவிடும்.

இனி நிறம். முன்கட்டில் நேர் வெயில் இல்லை, வானத்தின் வெளிச்சம்தான். அதில் நீலம் கூடியிருக்கும். பேத்தியின் படம் சாயங்கால வெயிலில் எடுத்தது, மஞ்சள் ஓடியிருக்கும். ஒப்பிட ஒரு வெள்ளை வேண்டும். தாத்தாவின் வேட்டியை நம்பாதீர்கள். நீலம் போட்டு அலசிய வேட்டி தானாகவே நீலம் காட்டும். அவள் நிற்கப்போகும் இடத்திலேயே உள்ள சுண்ணாம்புத் தூண் நல்ல அளவுகோல். போட்டோஷாப்பில் அதன் மேல் ஐட்ராப்பரை வைத்தால் நீலம் 228 என்று வருகிறது. அவள் படத்தில் பின்னாலிருந்த வெள்ளைச் சுவரில் 196. அடர்ந்த பக்கத்துக்கு முடியை எடுத்துக்கொள்ளலாம். அப்பாவின் கருமுடியில் நீலம் 42, மகளின் முடியில் 11. `Curves` திறந்து, அவள் லேயருக்கு மட்டும், நீல வளைவில் 11-ஐ 42-க்கும் 196-ஐ 228-க்கும் ஏற்றினால் மஞ்சள் வடிந்துவிடும். கூடவே, வெயிலில் கன்னங்கரேலென்று இருந்த முடியும் நிழலில் நிற்பவர் முடிபோல் சற்று வெளுக்கும். ஒட்டுப்படங்களில் பலர் தவறவிடுவது இந்தக் கருமையைத்தான்.

சிவப்புக்கும் பச்சைக்கும் இதையே செய்யுங்கள். சரிபார்க்கக் கண்ணை நம்பாமல், ஒவ்வொரு நிறத்தையும் தனியாகப் பாருங்கள். `Ctrl+3` அழுத்தினால் சிவப்பு மட்டும் கறுப்பு வெள்ளைப் படமாகத் தெரியும். `Ctrl+4` பச்சை, `Ctrl+5` நீலம், `Ctrl+2` பழையபடி முழு நிறம். வண்ணத்தில் ஒட்டியதாகத் தோன்றிய குழந்தை, நீலத்தை மட்டும் பார்க்கும்போது பேய்போல் தனித்துத் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

மங்கலுக்கு வருவோம். 36 மி.மீ. அகல சென்சார் கொண்ட கேமராவில், 50 மி.மீ. லென்ஸில், f/2.8 வைத்து, மூன்று மீட்டரில் தாத்தா மேல் ஃபோகஸ் செய்திருந்தால், மூன்றரை மீட்டரில் உள்ள ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 0.043 மி.மீ. அகல வட்டமாக விரியும். 6000 பிக்சல் அகலப் படத்தில் அது ஏழு பிக்சல். இந்தக் கணக்கே இல்லாமலும் அளவைக் கண்டுபிடிக்கலாம், தரை சொல்லிவிடும். அவள் பாதம் படப்போகும் இடத்தில் ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். தாத்தாவின் நாற்காலிக் காலடியில் கூர்மையாக இருக்கும் கோடு இங்கே எவ்வளவு கரைந்திருக்கிறதோ, அவள் கொலுசும் கவுன் ஓரமும் அவ்வளவே கரைய வேண்டும்.

`Gaussian Blur` வேண்டாம், அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி தேய்த்துவிடும். லென்ஸில் ஒவ்வொரு புள்ளியும் வட்டமாக விரியும், பளபளப்பான புள்ளி பளபளப்பான வட்டமாகவே நிற்கும். `Filter > Blur > Lens Blur` அதைத்தான் செய்யப் பார்க்கிறது. `Radius` என்பது ஆரம் என்பதால், ஏழு பிக்சல் வட்டத்துக்கு மூன்று, நான்கில் தொடங்கித் தரையோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள்.

இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. உருவம் மட்டும் மங்கி, வெட்டிய விளிம்பு கூர்மையாகவே நின்றால் அட்டையில் வெட்டிவைத்த பொம்மைபோல் இருக்கும். எனவே மாஸ்கையும் அதே அளவுக்கு மென்மையாக்க வேண்டும். மாஸ்கின் `Feather` போதும். அப்படிச் செய்யும்போது பழைய படத்தின் பின்னணி ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அதனால் மங்கலாக்குவதற்கு முன், கவுனின் நிறத்தையும் முடியின் நிறத்தையும் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் இழுத்து நிரப்பிவைத்துக்கொள்ளுங்கள்.

பாதத்தை ஒட்டி மெல்லிய அடர்நிழல், அதைச் சுற்றி அகலமான இளநிழல். இல்லாவிட்டால் மிதப்பாள். கடைசியாக மணல்போன்ற பொடி. மங்கலாக்கும்போது அவள் படத்தில் இருந்த பொடியும் அழிந்து தோல் மெழுகாகிவிடும். சென்சாரின் பொடியோ ஃபோகஸ் உள்ள இடம், இல்லாத இடம் என்று பார்க்காமல் எங்கும் இருக்கும். பக்கத்தில் அப்பாவின் சட்டையைப் பார்த்து `Add Noise` கொஞ்சம் சேர்த்தால் இருவரும் ஒரே படத்துக்குள் வந்துவிடுவார்கள்.

நாயைச் சேர்ப்பது இன்னும் கஷ்டம். அது பெரியவர்கள் காலடியில், அரை மீட்டர் முன்னால் படுத்திருக்கும் என்று வையுங்கள். பின்னால் அரை மீட்டருக்கு ஏழு பிக்சல் என்றால், முன்னால் அதே அரை மீட்டருக்குப் பத்து. அதோடு மூக்கு முன்னாலும் வால் நாற்காலியருகிலும் இருப்பதால் உடல் முழுதும் ஒரே மங்கல் செல்லாது. `Field Blur`-இல் முகத்தில் ஒரு பின், வாலில் ஒரு பின் வைத்து இரண்டுக்கும் வேறு வேறு அளவு கொடுக்க வேண்டும். ரோமத்தை வெட்டுவது அதைவிடப் பாடு.

ஆனால் நாய் வீட்டிலேயேதான் இருக்கிறது. மறுநாள் அதே நேரத்தில், அதே லென்ஸில், கேமராவை அதே இடத்தில் வைத்து, ஃபோகஸை நாற்காலியில் பூட்டிவிட்டு, அதே கற்கள் மேல் அதைப் படுக்கவைத்து எடுங்கள். மங்கலையும் நிறத்தையும் பொடியையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். சுற்றியுள்ள தரையும் அதே தரை என்பதால் ரோமத்தை இழை இழையாக வெட்டவும் வேண்டியதில்லை. கல்லின் கோடுகள் பொருந்தும்படி வைத்து, ஓரத்தைத் தாராளமாகக் கரைத்துவிட்டால் போதும்.