‘கேட்டான்’, ‘கேட்டா’: ஒரே வித்தியாசம் மூக்கில்தான் இருக்கு!

‘நேத்து காசு கேட்டான்.’ ‘நேத்து காசு கேட்டா.’ இரண்டையும் எழுத்தில் படித்தால் குழப்பமே இல்லை. முதலாவது அவன், இரண்டாவது அவள். ஆனால் இதையே ஒரு வாய்ஸ் நோட்டில் சாதாரண வேகத்தில் கேட்டுப் பாருங்கள். ‘கேட்டான்’ என்பதன் கடைசியில் ‘ன்’ என்று ஓர் ஒலி தனியாக வருகிறதா? பெரும்பாலும் வராது. நாக்கு நுனி மேலே போய் பல்லுக்குப் பின்னால் ஒட்டுவதே இல்லை. ‘கேட்டாள்’ என்பதன் ‘ள்’ளும் பல வட்டாரங்களில் பேச்சில் விழுந்துவிடுகிறது. ஆக இரண்டு சொல்லும் ‘ஆ’விலேயே முடிகின்றன. ஒரு ‘ஆ’ வாய் வழியாக மட்டும் வருகிறது, இன்னொரு ‘ஆ’ வாய், மூக்கு இரண்டின் வழியாகவும் வருகிறது. ஆணா பெண்ணா என்று காது கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

இதற்கு மூக்குயிர் என்று பெயர். ‘அதெல்லாம் பிரெஞ்சு, இந்தி சமாச்சாரம்’ என்று நினைப்பவர்கள் அதிகம். தமிழ் எழுத்தில் இதற்குத் தனிக் குறி இல்லாததால் வரும் நினைப்பு அது. பேச்சுத் தமிழில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது நாம் இதைச் சொல்கிறோம்.

வாய்க்குள் ஒரு கதவு

நாக்கு நுனியை மேல்வரிசைப் பல்லில் இருந்து அப்படியே பின்னால் தடவிக்கொண்டு போங்கள். முதலில் எலும்பு போல கெட்டியாக இருக்கும், அது வல்லண்ணம். இன்னும் பின்னால் போனால் திடீரென்று சதையாக மெத்தென்று மாறும், அதுதான் மெல்லண்ணம். அதன் நுனியில் தொங்குவது உள்நாக்கு. டாக்டர் டார்ச் அடித்து ‘ஆ சொல்லுங்க’ என்னும்போது அந்தப் பகுதி மேலே எழும்புவதைக் கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம்.

மூச்சு விடும்போது மெல்லண்ணம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும், மூக்குக்குப் போகும் வழி திறந்திருக்கும். ‘ப’, ‘ட’, ‘ச’ மாதிரி ஒலிகளுக்கு அது மேலே எழும்பி, பின்தொண்டைச் சுவரோடு சேர்ந்து அந்த வழியை அடைத்துவிடும். ‘ம’, ‘ன’ சொல்லும்போது மறுபடியும் இறங்கும். ஆனால் அப்போது வாய்வழி உதட்டாலோ நாக்காலோ முழுசாக அடைபட்டிருக்கும், காற்று மூக்கு வழியாக மட்டும்தான் போகும். மூக்குயிரில் இரண்டு வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கதவு திறந்தால் சத்தம் ஏன் மாறுகிறது? உயிரெழுத்து ஒவ்வொன்றும் வாய், தொண்டை என்ற குழாயின் வடிவத்தால் உருவாகும் அதிர்வுகளின் கூட்டு. அதில் மிகத் தாழ்ந்த அதிர்வு, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் காதுக்குச் சொல்லிவிடும். ‘ஈ’க்கு அது ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ், ‘ஆ’வுக்கு 700 ஹெர்ட்ஸ் பக்கம் (ஆளுக்கு ஆள் மாறும்). மெல்லண்ணம் இறங்கினால் மூக்கறை ஒரு பக்க அறை போல இதோடு சேர்ந்துகொள்கிறது. அது தன் சொந்த அதிர்வைச் சேர்க்கும். சில அதிர்வுகளை விழுங்கவும் செய்யும். இந்தக் கலாட்டா பெரும்பாலும் நடப்பது அந்தத் தாழ்ந்த அதிர்வு இருக்கும் பகுதியில்தான்.

விளைவு கொஞ்சம் விசித்திரமானது. ‘ஆ’ போல வாய் அகலத் திறக்கும் உயிருக்கு, மூக்கு சேர்க்கும் சத்தம் அதன் அதிர்வுக்குக் கீழே வந்து சேரும். அதனால் வாய் சற்று மூடிய உயிர் போல காதுக்குத் தோன்றும். ‘ஈ’ போன்ற மூடிய உயிருக்கோ அது மேலே வந்து சேரும், எனவே சற்றுத் திறந்த உயிர் போலக் கேட்கும். மேலே இருப்பது கீழே வரும், கீழே இருப்பது மேலே போகும், எல்லாம் நடுவை நோக்கி நகரும். லத்தீனில் இகரத்தோடு இருந்த ‘வைன்’ என்ற சொல் இன்றைய பிரெஞ்சில் [vɛ̃] ஆனதை இந்த நகர்வோடு சேர்த்துப் பார்ப்பார்கள். எழுத்தில் இன்னும் ‘இ’ இருக்கிறது, வாயில் ‘எ’ வந்துவிட்டது.

தமிழில் நடந்ததையும் பாருங்கள். ‘மரம்’ என்று எழுதுகிறோம், சொல்வதோ கிட்டத்தட்ட ‘மரொ’ என்று, மூக்கோடு. ‘அவன்’ என்று எழுதுகிறோம், சொல்வதோ ‘அவெ’, அதுவும் மூக்கோடு. இரண்டிலும் எழுத்தில் இருப்பது ஒரே அகரம். உதட்டில் பிறக்கும் ‘ம்’ அதை ஒகரம் பக்கம் இழுத்தது, நாக்கு நுனியில் பிறக்கும் ‘ன்’ எகரம் பக்கம் இழுத்தது. மெய் போய்விட்டது, ஆனால் அது பூசிவிட்டுப் போன நிறம் உயிரில் தங்கிவிட்டது.

மூக்கைப் பிடித்துச் சோதியுங்கள்

ஓர் உயிர் மூக்குயிரா இல்லையா என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கடைசி உயிரை நீட்டிச் சொல்லிக்கொண்டே மூக்கை விரலால் மூடி மூடித் திறங்கள். ‘கேட்டாஆஆ’ (அவள்) மாறவே மாறாது. ‘கேட்டான்’ (அவன்) என்பதன் ‘ஆ’ ஒவ்வொரு தடவையும் அடைத்துத் திறப்பது போல மாறும், விரலில் லேசாக அதிர்வும் தெரியும்.

இங்கே ‘வந்தான்’, ‘வந்தா’ என்ற ஜோடியை எடுக்காமல் ‘கேட்டான்’ எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘வந்தா’வின் நடுவிலேயே ‘ந்’ இருப்பதால் மூக்கை மூடினால் அங்கேயே சிக்கும், எதனால் மாறியது என்று தெரியாமல் போகும். சோதனைச் சொல்லில் வேறு மெல்லினமே இருக்கக் கூடாது.

சிலர் மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி வைத்து ஆவி படிகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் ஏமாற்றிவிடும். சொல் முடிந்ததும் மெல்லண்ணம் தானாக இறங்கி, மூச்சு மூக்கு வழியாக வெளியே வரும். அந்த ஆவியைப் பார்த்து ‘கேட்டா’வும் மூக்குயிர் என்று முடிவு கட்டிவிடலாம். உயிரை நீட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியை எடுத்துவிட வேண்டும்.

ஜலதோஷம் பிடித்தவர் ‘மூக்கால பேசுறார்’ என்பது இன்னொரு தவறான நினைப்பு. மூக்கு அடைத்தவருக்கு மூக்கொலி குறையும், ‘மாமா’ கிட்டத்தட்ட ‘பாபா’ ஆகும். மூக்கொலி கூடுவது மெல்லண்ணம் சரியாக மூடாதபோதுதான். அன்னப்பிளவோடு பிறந்த குழந்தைகளின் பேச்சில் இது வரும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெல்லண்ணம் நன்றாக மூடுகிறதா என்று பேச்சுப் பயிற்சியாளர் காதால் கேட்டுத்தான் முதலில் மதிப்பிடுவார். ‘பணம்’, ‘மரம்’ போன்ற சொற்களை வைத்துத் தமிழ்க் குழந்தையைச் சோதித்தால், எல்லாரும் இயல்பாகச் சொல்லும் மூக்குயிரே குறையாகத் தெரியும். ‘காக்கா’, ‘பட்டு’, ‘சட்டை’ என்று மெல்லினமே இல்லாத சொற்களில் மூக்கொலி கேட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

எழுதிப் பார்ப்போம்

சர்வதேச ஒலிப்பெழுத்தில் மூக்குயிருக்கான குறி, உயிரின் தலையில் போடும் சின்ன அலை. போனில், கம்ப்யூட்டரில் அடிக்கும்போது முதலில் உயிர், அதன் பின் அலைக்குறி:

```
ɛ + U+0303  →  ɛ̃
ɔ + U+0303  →  ɔ̃
```

[ã], [õ] போன்ற சிலவற்றுக்கு ஒரே குறியீடாகவும் எழுத்து உண்டு. இரண்டு விதமாகவும் கலந்து அடித்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஃபைலில் தேடும்போது பாதி கிடைக்காமல் போகலாம். ஏதாவது ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஒரு வாக்கியம்: ‘அவன் பணம் கேட்டான்.’ எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதினால் [aʋan paɳam keːʈːaːn] என்று வரும். முதல் தடவை எழுதுபவர்கள் எல்லாரும் செய்வது இதுதான். கண் சொல்வதைக் கை எழுதிவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் நாக்கும் உதடும் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். ‘பணம்’ முடியும்போது உதடு ஒட்டவில்லை என்றால் அங்கே [m] இல்லை. ‘கேட்டான்’ முடியும்போது நாக்கு நுனி கீழேயே இருந்தால் [n] இல்லை. திருத்தினால்:

[aʋɛ̃ paɳɔ̃ keːʈːãː]

‘பணம்’ நடுவில் உள்ள ‘ண’ விழவில்லை, அதனால் [ɳ] அப்படியே நிற்கிறது. வேகமாகச் சொன்னால் ‘அவன்’, ‘பணம்’ சேரும் இடத்தில் லேசாக ஒரு ‘ம்’ கேட்கலாம். மெல்லண்ணம் மூடும் முன்பே ‘ப’வுக்காக உதடு மூடிவிடுவதால் வருவது அது. கேட்டால் எழுதுங்கள், கேட்காவிட்டால் எழுதாதீர்கள்.

அலையைப் போட்ட இடம் சரிதானா என்று சோதிக்க, பின்னால் ஓர் உயிரைச் சேர்த்துப் பாருங்கள். ‘அவனா?’ [aʋanaː], ‘பணமா?’ [paɳamaː]. ஒளிந்திருந்த ‘ன’வும் ‘ம’வும் திரும்பி வந்துவிட்டன, எகரமும் ஒகரமும் மறுபடி அகரம் ஆகிவிட்டன. பிரெஞ்சு படிப்பவர்களுக்கு இது பழகிய விளையாட்டுதான். ‘நல்ல’ என்பதற்கான சொல் ஆண்பாலில் [bɔ̃], பெண்பாலில் [bɔn].

எல்லா இடத்திலும் அலை போட்டுவிடுவது இரண்டாவது தவறு. ‘மாமா’வில் முதல் ‘ஆ’ இரண்டு மகரத்துக்கு நடுவில் மாட்டியிருப்பதால் அதிலும் மூக்கு கொஞ்சம் கலக்கும். ஆனால் அந்தக் கலப்பால் அர்த்தம் மாறாது. நுணுக்கமாக எழுதும்போது மட்டும் குறித்தால் போதும், சாதாரணப் பதிவில் விட்டுவிடலாம்.

உங்கள் முறை. சொல்லிப் பார்த்து, எழுதிவிட்டுக் கீழே பாருங்கள்: மரம், மரத்துல, கேட்டேன், கேட்டே (நீ), மீன், வீட்டுக்கும்.

‘மரம்’ [maɾɔ̃]. ‘மரத்துல’ என்பதில் அலையே இல்லை, ஏனென்றால் அங்கே ‘ம்’ போய் ‘த்து’ வந்துவிட்டது. ‘கேட்டேன்’ [keːʈːẽː], ‘கேட்டே’ [keːʈːeː]. கேட்டது நானா நீயா என்பதையும் மூக்குதான் சொல்கிறது. ‘வீட்டுக்கும்’ கடைசியில் [ũ]. ‘மீன்’தான் பலரும் தவறவிடுவது. ஓரசைச் சொற்களில் பேச்சு வழக்கம் மெய்யை விடாமல், பின்னால் ஒரு சின்ன உகரம் சேர்த்துக் காப்பாற்றிக்கொள்ளும்: [miːnɯ], ‘மீனு’. மண், ‘மண்ணு’ ஆவதும் இப்படித்தான்.