நிஃப்டியும் தங்கமும்: ஒரே ஒரு வருடம் செய்த வேலை

பணம் முழுவதையும் பங்குச் சந்தையில் போடாதே, கொஞ்சம் தங்கத்திலும் வை, ரிஸ்க் குறையும் என்று சொல்லாத ஆளில்லை. எவ்வளவு குறையும் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. இதற்கென்று கணக்கு இருக்கிறது. ஹாரி மார்கோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1952இல் எழுதிய கட்டுரையில் போட்டுக் காட்டிய கணக்கு அது. 1990இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஐந்து வருட லாப நஷ்டமும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் நாமே போட்டுவிடலாம். வந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தனிக் கதை. எனக்கு அதுதான் சுவாரசியம்.

நிஃப்டி 50 குறியீட்டையும், ரூபாயில் தங்கத்தின் விலையையும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் முடிவில் எத்தனை சதவீதம் ஏறியிருந்தது, இறங்கியிருந்தது என்பதை முழு எண்ணாக்கிக் கொடுத்திருக்கிறேன். நிஃப்டியில் டிவிடெண்ட் சேரவில்லை. தங்கத்துக்கு எந்த விலைப்பட்டியலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருக்கும்.

| ஆண்டு | நிஃப்டி (%) | தங்கம் (%) |
|---|---|---|
| 2018 | 3 | 8 |
| 2019 | 12 | 24 |
| 2020 | 15 | 28 |
| 2021 | 24 | –4 |
| 2022 | 4 | 14 |

நிஃப்டியின் சராசரி 11.6. தங்கத்தின் சராசரி 14. சராசரி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வருடமும் சராசரியாக நடந்துகொள்வதில்லை. அதிலிருந்து எவ்வளவு விலகி ஓடுகிறது என்பதை அளப்பதுதான் திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன்.

நிஃப்டியை எடுத்தால், 2018இல் சராசரிக்கு 8.6 கீழே, 2019இல் 0.4 மேலே, 2020இல் 3.4 மேலே, 2021இல் 12.4 மேலே, 2022இல் 7.6 கீழே. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் வரும் என்பதால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டுகிறோம்: 297.2. ஐந்து வருடம் இருந்தாலும் நான்கால்தான் வகுக்க வேண்டும். சராசரியையே இந்த ஐந்து எண்களிலிருந்து எடுத்துவிட்டோம் அல்லவா, அதற்கு ஈடாக ஒன்றைக் குறைக்கிறோம். 74.3 வருகிறது. அதன் வர்க்கமூலம் 8.6. தங்கத்துக்கும் இதையே செய்தால் 164, வர்க்கமூலம் 12.8. இந்த ஐந்து வருடத்தில் நிஃப்டியைவிடத் தங்கம்தான் அதிகம் ஆட்டம் போட்டிருக்கிறது. பத்திரமான சொத்து என்று தங்கத்தைச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும்.

நிஃப்டியில் 60 சதவீதம், தங்கத்தில் 40 சதவீதம் வைத்தால் மொத்த ரிஸ்க் எவ்வளவு? 8.6இல் அறுபது பங்கும் 12.8இல் நாற்பது பங்கும் எடுத்துக் கூட்டினால் 10.3. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்கினால்தான் இந்த விடை சரி. ஒன்று இறங்கும்போது மற்றது தாங்கிப் பிடித்தால் ஆட்டம் இதைவிடக் குறையும். அந்தத் தாங்கலை அளக்கும் எண்தான் ஒட்டுறவு, ஆங்கிலத்தில் கோரிலேஷன் என்கிறார்களே அது.

அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஆண்டிலும் நிஃப்டியின் விலகலைத் தங்கத்தின் விலகலால் பெருக்க வேண்டும். 2018இல் இரண்டுமே சராசரிக்குக் கீழே, ஆகவே பெருக்குத்தொகை நேர்மறை: 51.6. 2019இல் 4. 2020இல் 47.6. 2021இல் நிஃப்டி 12.4 மேலே, தங்கம் 18 கீழே: மைனஸ் 223.2. 2022இல் தங்கம் சரியாகச் சராசரியில் நின்றதால் பூஜ்யம். எல்லாம் கூட்டினால் மைனஸ் 120, நான்கால் வகுத்தால் மைனஸ் 30. இதை இரண்டு திட்ட விலக்கங்களாலும் வகுத்தால் மைனஸ் 0.27. ஒட்டுறவு +1 என்றால் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன, –1 என்றால் நேரெதிராக, பூஜ்யம் என்றால் சம்பந்தமில்லாமல். நமக்கு வந்திருப்பது லேசான எதிர்ப்போக்கு.

இனி மூன்றையும் சேர்க்கும் சூத்திரம். w என்பது பணத்தைப் பிரித்த விகிதம், σ திட்ட விலக்கம், ρ ஒட்டுறவு.

```
σp² = w1²σ1² + w2²σ2² + 2·w1·w2·ρ·σ1·σ2
```

முதல் உறுப்பு 26.7, இரண்டாவது 26.2, மூன்றாவது மைனஸ் 14.4. கூட்டினால் 38.6, வர்க்கமூலம் 6.2. நிஃப்டியை மட்டும் வைத்திருந்தால் 8.6, தங்கத்தை மட்டும் வைத்திருந்தால் 12.8, இரண்டையும் கலந்தால் 6.2. அதிகம் ஆடும் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்ததால் மொத்த ஆட்டம் குறைந்திருக்கிறது. மார்கோவிட்ஸ் நோபல் வாங்கியதற்கான காரணம் இந்த மூன்றாவது உறுப்புக்குள்தான் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டுக்கும் 60:40 கலவையின் லாபத்தையே எழுதி (5, 16.8, 20.2, 12.8, 8) அதற்குத் திட்ட விலக்கம் எடுத்துப் பார்க்கலாம். அதே 6.2 வரும்.

எக்செல் தாளில் நிஃப்டியை A2 முதல் A6 வரையும் தங்கத்தை B2 முதல் B6 வரையும் எழுதியிருந்தால் இரண்டே வரி:

```
=STDEV.S(A2:A6)
=CORREL(A2:A6,B2:B6)
```

STDEV.S என்பதற்குப் பதில் STDEV.P என்று போட்டால் நான்குக்குப் பதில் ஐந்தால் வகுத்துவிடும், ரிஸ்க் குறைவாகத் தெரியும். ஐந்தே எண்கள் இருக்கும்போது அந்த வித்தியாசம் சின்னதல்ல.

இப்போது பெருக்குத்தொகைகளை இன்னொரு முறை பாருங்கள். மூன்று நேர்மறை, ஒரு பூஜ்யம், ஒரே ஒரு எதிர்மறை. அந்த மைனஸ் முழுக்க 2021 தந்தது. அந்த ஒரு வருடத்தை எடுத்துவிட்டு மிச்சம் நான்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒட்டுறவு என்ன தெரியுமா? +0.98. நிஃப்டியும் தங்கமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்று சொல்லும் எண் அது. ஒரே ஒரு வரி இருந்தால் எதிரிகள், இல்லாவிட்டால் இரட்டையர்!

கணக்கில் பிழை ஏதும் இல்லை. எண்கள் போதவில்லை, அவ்வளவுதான். ஐந்தே ஆண்டு விவரத்திலிருந்து –0.27 வந்தால், உண்மையான ஒட்டுறவு ஏறக்குறைய –0.9க்கும் +0.8க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொல்லும். அதே ஐந்து வருடத்தை மாத வாரியாக எடுத்தால் அறுபது எண்கள் கிடைக்கும். தடுமாற்றம் இரண்டு பக்கமும் கால் அளவுக்குச் சுருங்கும். மாதத் திட்ட விலக்கத்தை ஆண்டுக்கு மாற்ற 12இன் வர்க்கமூலமான 3.46ஆல் பெருக்க வேண்டும். பன்னிரண்டாலேயே பெருக்கிவிட்டு, ரிஸ்க் பயங்கரமாக இருக்கிறதே என்று அலறுகிறவர்களும் உண்டு.

மாத விவரம் வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். நம் பட்டியலில் 2020க்கு நேராக 15 என்று சாதுவாக இருக்கிறது. அந்த வருடம் ஜனவரியில் 12,300க்கு மேலே இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. அன்று ஒரு நாளில் மட்டும் 13 சதவீதம் இறங்கியது. டிசம்பரிலிருந்து டிசம்பருக்குத் தாவுகிற கணக்கில் அந்த மார்ச் இல்லவே இல்லை. அதே மார்ச்சில் உலகச் சந்தையில் தங்கமும் சில நாட்களுக்குள் 1,700 டாலரைத் தொட்ட இடத்திலிருந்து 1,500க்குக் கீழே வந்தது. ரொக்கம் தேவைப்பட்டவர்கள் கையில் விற்கக்கூடியது எதுவோ அதை விற்றார்கள். தாங்கிப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தது, தேவைப்பட்ட நேரத்தில் சில நாட்கள் கூடவே இறங்கியது.

அப்படியானால் தங்கம் தாங்கும் என்பதே பொய்யா? நம் ஊருக்கு அதற்கு ஒரு நிஜமான காரணம் இருக்கிறது, அது டாலர். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்றுப் பணத்தை எடுத்துப் போகும்போது நிஃப்டி விழுகிறது, ரூபாயும் சரிகிறது. ரூபாய் சரிந்தால், இறக்குமதியாகும் தங்கத்தின் உள்ளூர் விலை ஏறுகிறது. 2008இல் நிஃப்டி 52 சதவீதம் விழுந்தது. அந்த ஆண்டு டாலரில் தங்கம் ஏறியது ஐந்து சதவீதம் போலத்தான். ரூபாயில் இருபதுக்கு மேல் ஏறியது. வித்தியாசம் முழுவதும் டாலர் விலை உயர்வு. இப்படி ஒரு காரணம் இருப்பதால்தான், ஐந்து எண்கள் என்ன சொன்னாலும், தங்கமும் பங்கும் முழுக்க ஒட்டி ஓடும் என்று நான் நம்பமாட்டேன். அதேபோல் அரசு கை வைத்தால் இந்தக் காரணம் கலங்கிவிடும் என்பதும் தெரியும்: 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனதும் உள்ளூர்த் தங்க விலை சட்டென்று இறங்கியது. அதற்கும் நிஃப்டிக்கும் உறவு ஏதும் இல்லை.

ஆகவே ஒட்டுறவுக்கு ஒரே எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்காமல் மூன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 60:40க்கு, –0.27 என்றால் ரிஸ்க் 6.2. பூஜ்யம் என்றால் 7.3. +0.98 என்றால் 10.2, அதாவது கலந்ததில் பலனே இல்லை, நிஃப்டியை மட்டும் வைத்திருந்தால்கூட 8.6தான். நான் நடுவில் இருக்கும் 7.3ஐ வைத்துத்தான் திட்டமிடுவேன், 10.2 வந்தால் தாங்குமா என்று பார்த்துக்கொள்வேன்.

விகிதத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நம் எண்களுக்கு ரிஸ்க் மிகக் குறைவாக வரும் கலவை 65:35. அதன் திட்ட விலக்கம் 6.15, 60:40க்கு 6.21. எண்பதுக்கு இருபது என்று வைத்தாலும் 6.7தான். ஒட்டுறவே ஆடிக்கொண்டிருக்கும்போது விகிதத்தைத் தசம சுத்தமாகத் தேடுவதில் அர்த்தமில்லை. மார்கோவிட்ஸே தன் ஓய்வூதியப் பணத்தைப் பங்கிலும் கடன் பத்திரத்திலும் சரிபாதியாகப் போட்டதாகச் சொல்லியிருக்கிறார், சூத்திரத்தைத் தொடாமலே.

விகிதத்தில் கவனிக்க வேண்டியது வேறு. சூத்திரம் ஒவ்வோர் ஆண்டும் 60:40 அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. 2018 தொடக்கத்தில் அறுபதாயிரத்தை நிஃப்டியிலும் நாற்பதாயிரத்தைத் தங்கத்திலும் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தவருக்கு, 2020 முடிவில் நிஃப்டி 79,600, தங்கம் 68,600 என்று ஆகியிருக்கும். அது 54:46. தங்கம் விழுந்த 2021க்குள் அவர் நுழைந்தது அந்த விகிதத்தோடு. பழைய விகிதத்துக்குத் திரும்ப, ஏறியதில் கொஞ்சம் விற்று மற்றதை வாங்க வேண்டும். கோல்டு ஈடிஎஃப் வைத்திருப்பவர் வரியும் தரகும் கொடுத்து அதைச் செய்துவிடலாம். வீட்டுப் பீரோவில் இருக்கும் வளையலையும் ஆரத்தையும் 40 சதவீதத்தில் சேர்த்துக்கொண்டவரால் முடியாது. வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. ஆகவே பட்டியலில் உள்ள 8, 24, 28 எதுவும் அந்த நகைகளின் லாபம் ஆகாது. அவருக்கு இந்தக் கணக்கை வேறு எண்களோடு முதலிலிருந்து போட வேண்டும்.