கையில் ஒரு லட்சம் வர எவ்வளவு பேக்கேஜ் கேட்பது?

சென்னையில் வேலை மாறப்போகும் ஒருவருக்கு, மாதம் ஒரு லட்ச ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தாக வேண்டும். எச்.ஆர். கேட்பதோ வருடத் தொகையை. ஒரு லட்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, ‘12 லட்சம்’ என்று அவர் சொல்லிவிட்டால், வருமான வரியே இல்லாதபோதும் மாதம் சுமார் 85,400 ரூபாய்தான் வரும்.

காரணம், சி.டி.சி. என்பது சம்பளம் அல்ல, நிறுவனம் அவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் சி.டி.சி.யில் பாதி என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாயில் அடிப்படை 50. அதில் 12 சதவிகிதம், அதாவது 6 ரூபாய், நிறுவனத்தின் பி.எஃப். பங்காகப் போகும். கிராஜுவிட்டிக்கு அடிப்படையில் 4.81 சதவிகிதம், ஏறத்தாழ 2.40 ரூபாய். மீதி 91.60 ரூபாய்தான் மொத்தச் சம்பளம். அதிலிருந்து ஊழியரின் பி.எஃப். பங்கு இன்னொரு 6 ரூபாய் பிடிக்கப்படும். ஆக, வரிக்கு முன்பே நூறு ரூபாய் 85.60 ஆகிவிடுகிறது. இதுபோக சென்னை மாநகராட்சியின் தொழில் வரி, இந்தச் சம்பளத்துக்கு வருடம் 2,500 ரூபாய்.

எனவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். கையில் வர வேண்டிய 12 லட்சத்தோடு தொழில் வரியைக் கூட்டி 0.856-ஆல் வகுத்தால், 14.05 லட்சம் வருகிறது. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், இந்த பேக்கேஜில் மொத்தச் சம்பளம் சுமார் 12.87 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால்தான் வரி இல்லை. அதாவது, மொத்தச் சம்பளம் 12.75 லட்சம் வரை. நம்மவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்.

தாண்டியதும் மொத்த வரியும் ஒரேயடியாகத் தலையில் விழாது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ, அதற்கு மேல் வரி போகக் கூடாது என்று சட்டம் ஒரு நிவாரணம் தருகிறது. ஆனால், அந்த வரி மீது 4 சதவிகித செஸ் உண்டு. 10,000 ரூபாய் கூடினால் 10,400 ரூபாய் போய்விடும். வரிக்குரிய வருமானம் சுமார் 12.70 லட்சத்தை எட்டும் வரை இதே நிலைதான். பேக்கேஜ் ஏறும், கையில் வருவது இறங்கும்.

நம் உதாரணத்திலேயே பார்க்கலாம். 13.92 லட்சம் பேக்கேஜில் வரி இல்லை; மாதம் 99,080 ரூபாய் வருகிறது. 14.69 லட்சத்துக்கு உயர்த்திக் கேட்டு வாங்கினால், 98,460 ரூபாய்தான். முழுதாக ஒரு லட்சம் வர, 14.95 லட்சம் வரை போக வேண்டும். அங்கே வரி மட்டும் சுமார் 77,100 ரூபாய். மாதம் 920 ரூபாய் கூடுதலாகக் கிடைக்க, பேக்கேஜில் ஒரு லட்சத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளிக்குள் விழும் ஆஃபரை, இன்னும் சில ஆயிரங்களுக்காகப் பேரம் பேசுவதில் பலன் இல்லை.

பேச வேண்டியது வேறொன்றைப் பற்றி: பி.எஃப். எந்தத் தொகையின் மீது பிடிக்கப்படுகிறது? சட்டப்படியான உச்சவரம்பு 15,000 ரூபாய் சம்பளம். அதன் மீது மட்டும் பிடிக்கும் நிறுவனங்களில் இரு தரப்புக்கும் மாதம் தலா 1,800 ரூபாய்தான். அப்படிப்பட்ட நிறுவனத்தில், அதே ஒரு லட்சத்துக்கு 12.76 லட்சம் பேக்கேஜே போதும். வருமான வரியும் இல்லை. அதற்காக இதுதான் லாபம் என்று சொல்ல மாட்டேன். முதல் ஆஃபரில் வருடத்துக்குச் சுமார் 1.79 லட்சம் அவருடைய பி.எஃப். கணக்கில் சேர்கிறது, இதிலோ 43,200 ரூபாய்தான். வேறு சேமிப்பு இல்லாதவருக்கு முதலாவதே நல்லது என்பது என் எண்ணம். எப்படியானாலும், பி.எஃப். விவரம் தெரியாமல் இரண்டு ஆஃபர்களை ஒப்பிட முடியாது. மாதாந்தரச் சம்பளப் பிரிவினையை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே தொகையைச் சொல்லுங்கள்.

அந்தப் பிரிவினையில் ‘வேரியபிள் பே’ என்ற இனம் இருந்தால், அது மாதச் சம்பளத்தில் சேராது. மேலே சொன்ன தொகைகள் எல்லாம் அதை நீக்கிய பேக்கேஜுக்கே பொருந்தும். அதோடு, அதுவும் வரிக்குரிய வருமானம்தான். 12.76 லட்சம் பேக்கேஜ்காரருக்கு வருட நடுவில் ஒரு லட்சம் போனஸ் வந்தால், மொத்தச் சம்பளம் 12.75 லட்சத்தைத் தாண்டி, சுமார் 51,000 ரூபாய் வரியாகப் போகும். போனஸ் வரும் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிறுவனம், அந்த வரியை ஏப்ரலிலிருந்தே மாதாமாதம் பிடிக்கத் தொடங்கும். அப்போது ஒரு லட்சம் என்று எதிர்பார்த்த இடத்தில் சுமார் 95,700 ரூபாய்தான் வந்து சேரும்.