அறுபது நாளுக்கு வட்டம் எவ்வளவு?

ஈரோட்டு நூல் வியாபாரி ஒருவர் கரூர் தறிக்காரருக்கு 73,000 ரூபாய்க்கு நூலைக் கடனாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத் தவணை. ஜூன் 5 தேதியிட்டு வியாபாரி மாற்றுச்சீட்டு எழுதுகிறார். தறிக்காரர் அதன் முகப்பில் குறுக்காக ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். அன்றே வியாபாரியின் ஏட்டில் தறிக்காரர் பெயரில் இருந்த பாக்கி தீர்ந்து, பெறுதற்குரிய மாற்றுச்சீட்டுக் கணக்குக்கு மாறிவிடுகிறது.

ஜூலை 10 அன்று வியாபாரிக்குப் பணமுடை. சீட்டின் பின்பக்கம் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்கிறார். வங்கி 12 சதவீதம் வட்டம் பிடிக்கிறது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 12 சதவீதம் என்பது ஓர் ஆண்டுக்கான விகிதம். வங்கி தன் பணம் வெளியே நிற்கப்போகும் நாட்களுக்கு மட்டுமே வட்டம் எடுக்கும். சீட்டு எழுதிய தேதிக்கு இந்தக் கணக்கில் வேலையில்லை, முதிர்வு நாளைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அது உதவும்.

மூன்று மாதம் கழித்து செப்டம்பர் 5. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் தரும் 3 சலுகை நாட்களையும் சேர்த்தால் செப்டம்பர் 8. அன்று பொது விடுமுறையாக இருந்தால் முந்தைய வேலைநாளே முதிர்வு நாள். அடுத்த நாள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜூலையில் மிச்சம் 21, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 8, ஆக 60 நாள்.

73,000-க்கு ஆண்டு வட்டம் 8,760 ரூபாய். 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 24 ரூபாய். அறுபது நாளுக்கு 1,440. வியாபாரி கைக்கு வருவது 71,560. முழுத் தொகைக்கு வட்டத்தைக் கணக்கிட்டு, அதை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால், கைக்கு வந்த பணத்தை வைத்துப் பார்த்தால் உண்மையான செலவு ஆண்டுக்கு ஏறக்குறைய 12.24 சதவீதம் ஆகிறது.

ஏட்டில் எழுதுவது ஒரே பதிவு:

வங்கிக் கணக்கு பற்று 71,560
வட்டக் கணக்கு பற்று 1,440
பெறுதற்குரிய மாற்றுச்சீட்டுக் கணக்கு வரவு 73,000

தறிக்காரர் ஏட்டில் எதுவும் எழுத வேண்டாம். அவர் கொடுக்கவேண்டிய தொகை மாறவில்லை. யாருக்குக் கொடுக்கவேண்டும் என்பதுதான் மாறியிருக்கிறது. செப்டம்பர் 8 அன்று அவர் வங்கியில் பணம் கட்டிவிட்டால் வியாபாரியின் ஏட்டிலும் பதிவு கிடையாது.

கட்டவில்லை என்றால்? பின்பக்கக் கையெழுத்து வியாபாரியைக் கட்டிப்போட்டிருக்கிறது. சீட்டு மறுக்கப்பட்டதை நோட்டரி குறித்துக் கொடுத்ததற்கு ஆன செலவு 200 ரூபாய் என்றால், வங்கி 73,200-ஐ அவர் கணக்கில் கழித்துக்கொள்ளும். அப்போது வட்டக் கணக்கைத் திருப்பக் கூடாது. அறுபது நாள் பணத்தைப் பயன்படுத்தியதற்கான செலவு அது. பெறுதற்குரிய மாற்றுச்சீட்டுக் கணக்கையும் தொடக் கூடாது, ஏனென்றால் ஜூலை 10-லேயே அது தீர்ந்துவிட்டது. பழைய பாக்கிதான் செலவோடு சேர்ந்து திரும்பி வருகிறது:

தறிக்காரர் கணக்கு பற்று 73,200
வங்கிக் கணக்கு வரவு 73,200